சராசரி முகம் யாருடைய முகம்?

காரைக்குடியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்தி, போன மாதம் தன் கைபேசியை எங்களிடம் நீட்டினாள். அவளுடைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ பகிர்ந்த வீடியோ. ஒரு பெண்ணின் முகத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடுகின்றன. "அழகு என்பது ரசனை அல்ல, அறிவியல். இடமும் வலமும் சமச்சீராக இருக்கும் முகம்தான் அழகு. அது நல்ல ஜீனின் அடையாளம்" என்கிறது பின்னணிக் குரல். அதற்குக் கீழே ஒரு மாணவன் எழுதியிருந்தான்: "அதான் பார்த்தாலே தெரியுதே, யாரு எந்தத் தெருன்னு." அதற்கு முப்பது சிரிப்புப் பொம்மைகள்.

எங்களில் ஒருவர் உடனே சொன்னார்: "அழகுங்கிறதே சாதி கட்டிவிட்ட கதைம்மா. அந்த ஆராய்ச்சியைத் தூக்கிக் குப்பையில போடு." அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்படிச் சொன்னா இன்னும் சிரிப்பாங்க அக்கா. ஆய்வுக் கட்டுரை பேரையெல்லாம் வீடியோவுல காட்டுறாங்க."

அவள் சொன்னது சரி. படிக்காமல் குப்பையில் போடுவது பதில் ஆகாது. எனவே அந்தக் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு சில வாரங்கள் படித்தோம். அந்த மாணவன் சொன்னதற்கு அந்த ஆய்வுகளில் ஒரு வரி ஆதாரம்கூட இல்லை. அதே சமயம், எங்கள் தோழர் சொன்னதற்கும் அவை முழுதாக இடம் கொடுக்கவில்லை. இரண்டையும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அடிப்படையான ஆய்வு. 1990இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடித் லாங்லாய், லோரி ராக்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்டது. 96 ஆண்கள், 96 பெண்களின் முகப் படங்களைக் கணினியில் ஏற்றினார்கள். பிறகு இரண்டு இரண்டாக, நான்கு நான்காக, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு வரை முகங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து புதிய முகங்களை உருவாக்கினார்கள். அசல் முகங்களையும் கலப்பு முகங்களையும் கல்லூரி மாணவர்களிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். பதினாறு, முப்பத்திரண்டு முகங்கள் சேர்ந்த கலப்புக்கு, தனி முகங்கள் வாங்கிய சராசரி மதிப்பெண்ணைவிடக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். 'சராசரி முகம்' என்றால் 'சுமாரான முகம்' என்று பொருள் அல்ல. கணக்குப் பாடத்தில் வரும் சராசரிதான் இது. எல்லா மூக்குகளின் நீளத்தையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் வருவது எதுவோ, கண்களுக்கு இடையிலுள்ள தூரங்களைக் கூட்டி வகுத்தால் வருவது எதுவோ, அப்படி ஒரு முகம். அந்த முகத்தோடு யாரும் பிறந்ததில்லை.

இதை நாங்களே செய்து பார்த்தோம். நீங்களும் செய்யலாம், ஒரு மடிக்கணினியும் அடுக்கு வைக்கத் தெரிந்த ஏதாவது இலவசப் பட மென்பொருளும் போதும். எங்கள் வகுப்பில் எட்டுப் பேரின் பாஸ்போர்ட் அளவுப் படங்களை எடுத்தோம். எல்லாம் நேர் பார்வை, சிரிப்பு இல்லாமல், ஒரே சுவருக்கு முன்னால், ஒரே வெளிச்சத்தில். முதல் படத்தை அப்படியே கீழே வைத்தோம். அதன்மேல் இரண்டாவது படத்தை 50 சதவீத அடர்த்தியில், மூன்றாவதை 33 சதவீதத்தில், நான்காவதை 25இல், இப்படி எட்டாவது படத்தைப் பன்னிரண்டரை சதவீதத்தில். எத்தனையாவது படமோ, நூறை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். இப்படிச் செய்தால்தான் கடைசியில் எட்டுப் பேருக்கும் எட்டில் ஒரு பங்கு கிடைக்கும். முதல் முயற்சியில் ஒரு தம்பி எல்லாப் படத்தையும் 50 சதவீதத்தில் அடுக்கிவிட்டான். வந்த முகத்தில் பாதிக்குப் பாதி மேலே கடைசியாக வைத்தவனின் முகம், முதலில் வைத்தவன் அடையாளமே இல்லை. (சமபங்கு என்று அறிவித்துவிட்டு மேலே இருப்பவனுக்கே பாதியைக் கொடுப்பது நமக்குப் புதிதில்லை என்று ஒருவர் சொல்ல, வகுப்பே சிரித்தது.)

கருவிழிகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் புருவம் இரட்டையாகத் தெரியும், உதடு கலங்கிவிடும். அதைச் சரிசெய்து மறுபடி அடுக்கியபோது வந்த முகத்தைப் பார்த்து எல்லோரும் சற்று நேரம் பேசவில்லை. "யாருக்கா இது, நம்ம சித்தி பொண்ணு மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. உண்மையிலேயே இனிமையான முகம். எட்டுப் பேரும் எங்கள் தெருக்களின் பிள்ளைகள்.

அந்த ஆய்வின் கண்டுபிடிப்பு இவ்வளவுதான், இது பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. பிறகு வந்தவர்கள் கேட்ட கேள்விகளும் முக்கியமானவை. படங்களைக் கலக்கும்போது பரு, தழும்பு, அம்மை வடு எல்லாம் கரைந்து தோல் வழுவழுப்பாகிவிடுகிறது. அப்படியானால் மக்கள் விரும்பியது சராசரி வடிவத்தையா, வழுவழுப்பான தோலையா? எங்கள் படத்திலும் இதைக் கண்ணால் பார்த்தோம். எட்டில் ஒருத்திக்குக் கன்னத்தில் நல்ல பெரிய மச்சம், கலப்பில் அது வெறும் நிழலாகிப்போனது. இதைப் பிரிப்பதற்காகத் தோலைத் தொடாமல் வடிவத்தை மட்டும் சராசரியை நோக்கி நகர்த்தும் முறைகள் வந்தன. அப்போதும் சராசரி வடிவத்துக்கு ஓரளவு விருப்பம் இருந்தது, ஆனால் முதல் ஆய்வு காட்டிய வியப்பின் ஒரு பகுதி தோலுடையது என்பதும் தெரிந்தது.

அடுத்த அடி 1994இல் விழுந்தது. ஸ்காட்லாந்தின் டேவிட் பெரெட்டும் அவருடைய குழுவும் 60 பெண்களின் சராசரி முகத்தைச் செய்தார்கள். அந்த அறுபதில் அதிக மதிப்பெண் வாங்கிய 15 பேருக்கு மட்டும் தனியாக ஒரு சராசரியும் செய்தார்கள். மக்கள் அந்தப் பதினைந்து பேரின் சராசரியைத்தான் கூடுதலாக விரும்பினார்கள். இரண்டு சராசரிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கணினியில் இன்னும் மிகைப்படுத்தியபோது அதை அதைவிடவும் விரும்பினார்கள். ஆக, 'சராசரிதான் உச்ச அழகு' என்று சொல்வதும் தவறு. சராசரி பெரும்பாலான தனி முகங்களைவிட விரும்பப்படுகிறது, அவ்வளவுதான்.

இப்போது அந்த வீடியோ பிடித்துக்கொண்டிருந்த சமச்சீருக்கு வருவோம். சமச்சீர் என்றதும் நமக்குப் பாடப்புத்தகம்தான் நினைவுக்கு வரும். அவர்கள் சொல்வது வேறு, முகத்தின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றுபோல் இருப்பது. நம் ஊரில் இந்தக் கருத்துக்கு உதாரணம் காட்டுவது சுலபம். செட்டிநாட்டு வீட்டின் தலைவாசலில் நின்றால் வளவு, முற்றம் எல்லாம் கடந்து கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். இரண்டு பக்கமும் தூண்கள் எண்ணி வைத்தாற்போல் நிற்கும். பார்க்க வருகிறவர்கள் சமச்சீரைத்தான் புகழ்கிறார்கள். அந்தத் தூணைச் சுமந்தவர்கள் யார் என்று வழிகாட்டிகள் சொல்வதில்லை, அது வேறு பதிவு.

முகத்துக்கு வருவோம். உங்கள் பாஸ்போர்ட் படத்தை எடுத்து, மூக்கின் நடுக்கோட்டில் ஒரு சிறு கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். இடப்பாதியும் அதன் பிம்பமும் சேர்ந்து ஒரு முழு முகமாகத் தெரியும், நூறு சதவீதம் சமச்சீரான முகம். கண்ணாடியைத் திருப்பி வலப்பாதியையும் பாருங்கள். இரண்டும் யாரோ அந்நியர்களைப் போல இருக்கும், ஒன்று ஒடுங்கியும் ஒன்று அகன்றும். தொடக்கத்தில் ஆய்வாளர்கள் இப்படிச் செய்து காட்டியபோது, மக்கள் சமச்சீர் முகத்தை விரும்பவில்லை, அசலையே விரும்பினார்கள். நடுக்கோடு கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் மூக்கும் வாயும் வீங்கிப்போகும் அல்லது சுருங்கிப்போகும், அதுவும் ஒரு காரணம். பிறகு கணினியில் ஒரு முகத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் கலந்து, அளவுகள் கெடாமல் சமச்சீராக்கிக் காட்டியபோது விருப்பம் ஓரளவு கூடியது. ஆனால் அது சராசரித்தன்மையின் விளைவைவிடச் சிறியது.

1999இல் வந்த ஓர் ஆய்வு இதில் இன்னொரு முடிச்சைப் போட்டது. ஆண்களின் முகத்தைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் காட்டி மதிப்பெண் கேட்டார்கள். ஒரு பாதியை மட்டும் பார்ப்பவருக்குச் சமச்சீர் தெரிய வழியே இல்லை. ஆனாலும் சமச்சீர் கூடிய முகங்களுக்கே கூடுதல் மதிப்பெண் விழுந்தது. அதாவது, அந்த முகங்களில் மக்களை ஈர்த்தது சமச்சீரோடு கூடவே வந்த வேறு ஏதோ ஒன்று. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்று முதலாண்டு ஆய்வுமுறைப் பாடத்தில் படிக்கிறோமே, அதேதான்.

'நல்ல ஜீனின் அடையாளம்' என்ற பேச்சுக்குப் பின்னால் ஒரு கருதுகோள் இருக்கிறது. வளரும்போது நோயும் பட்டினியும் தாக்கினால் உடலின் இரு பக்கமும் சீராக வளராது, ஆகவே சமச்சீர் முகம் நோயில்லாமல் வளர்ந்ததன் சான்று என்பது அந்தக் கருதுகோள். கேட்க நன்றாக இருக்கிறது. சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பதிவு செய்துவரும் பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகளில் 4,700க்கும் மேற்பட்டோரின் முகத்தைப் பதினைந்து வயதில் முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து, சமச்சீர் எவ்வளவு குலைந்திருக்கிறது என்று அளந்தார்கள். சிறுவயதில் அவர்களுக்கு வந்த நோய்களின் பதிவோடு அதை ஒப்பிட்டார்கள். 2014இல் வெளியான முடிவு: தொடர்பு இல்லை. இதற்கு முன்பே, 1998இல், அமெரிக்காவில் பழைய மருத்துவப் பதிவுகளோடு பதின்வயதுப் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வும் இதைத்தான் சொன்னது. அழகான முகத்தைப் பார்ப்பவர்கள் 'இவர் ஆரோக்கியமானவர்' என்று நினைத்துக்கொள்கிறார்கள், பதிவைப் புரட்டினால் அப்படி இல்லை.

நூற்றைம்பது மதிப்பெண் சாதாரண ஆய்வை விட்டுவிட்டு, 'தங்க விகிதம்' என்ற பெயரில் விற்கப்படும் முகமூடிக்கு ஒரு பத்தி போதும். முகத்தின் மேல் கோடு போடும் வீடியோக்களில் பாதி அதைத்தான் பயன்படுத்துகின்றன. ஸ்டீபன் மார்க்வார்ட் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர் வடிவமைத்தது அது. எல்லா இனங்களின் அழகுக்கும் பொருந்தும் என்றார்கள். 2008இல் அதை ஆராய்ந்தவர், அது ஃபேஷன் மாடல்களின் தாடையையும் கன்னத்தையும் ஒத்த, சற்று ஆண்தன்மை கொண்ட வெள்ளைக்காரப் பெண் முகத்துக்குத்தான் பொருந்துகிறது என்று காட்டினார். மேலே நாம் பார்த்த ஆய்வுகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒன்று அளந்து பார்த்தது, மற்றொன்று அளவுகோலை முதலிலேயே முடிவு செய்துகொண்டது.

இனி எங்கள் தோழரின் கட்சி. 'எல்லாம் கட்டிவிட்ட கதை' என்பது ஏன் முழுதாக நிற்காது? பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைகள்கூட, பெரியவர்கள் அழகு என்று சொன்ன முகங்களை மற்றவற்றைவிட அதிக நேரம் பார்க்கின்றன. இதையும் லாங்லாய்தான் 1987இல் காட்டினார். அந்தக் குழந்தைக்குச் சினிமாவும் தெரியாது, சாதியும் தெரியாது. ஆக, பல முகங்களிலிருந்து ஒரு பொது வடிவத்தை மனம் தானாகவே உருவாக்கிக்கொண்டு, அதற்கு நெருக்கமானதை எளிதாக ஏற்கிறது என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு நஷ்டம் எதுவும் இல்லை. நம்முடைய கேள்வி, மனம் எந்த முகங்களை வைத்து அந்த வடிவத்தை உருவாக்குகிறது என்பதுதான். சாதி நுழையும் இடம் அது. அந்த வீடியோ மறைத்த இடமும் அது.

2007இல் கோரன் அபிசெல்லாவும் இரண்டு சக ஆய்வாளர்களும் தான்சானியாவின் ஹட்ஸா மக்களிடம் போனார்கள். வேட்டையாடியும் கிழங்கும் தேனும் சேகரித்தும் வாழ்பவர்கள், வெள்ளைக்கார முகங்களை அதிகம் பார்த்திராதவர்கள். ஹட்ஸா முகங்களைக் கலந்து செய்த சராசரியையும், பிரிட்டிஷ் முகங்களைக் கலந்து செய்த சராசரியையும் அவர்களுக்குக் காட்டினார்கள். ஒவ்வொன்றையும், குறைவான முகங்களைக் கலந்த ஒரு முகத்தோடு சேர்த்துக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். ஹட்ஸா முகங்களில் அவர்கள் சராசரியையே தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டிஷ் முகங்களில் அந்த விருப்பம் இல்லை. பிரிட்டனில் இதே படங்களைப் பார்த்தவர்களோ இரண்டிலுமே சராசரியை விரும்பினார்கள். பார்த்துப் பழகாத முகங்களுக்கு எது சராசரி என்றே மனத்துக்குத் தெரியாது என்பதுதான் ஆய்வாளர்கள் இதற்குத் தந்த விளக்கம்.

இதற்கு நான்காண்டுகள் முன்பு ஆஸ்திரேலியாவின் ஜிலியன் ரோட்ஸ் இன்னும் நேரடியாகக் காட்டியிருந்தார். நடுப்பகுதி அமுங்கியது போலவோ உப்பியது போலவோ திரித்த முகங்களைச் சில நிமிடங்கள் மட்டும் தொடர்ந்து காட்டினார். அதற்குப் பிறகு, எது இயல்பான முகம், எது அழகான முகம் என்ற மக்களின் மதிப்பீடு, அவர்கள் பார்த்த திரிபின் பக்கமாகவே நகர்ந்திருந்தது. சில நிமிடங்கள். நாம் பிறந்தது முதல் பார்க்கும் திரைப்பட நாயகிகள், பேருந்து நிலையத்துக்கு எதிரே நிற்கும் நகைக்கடைப் பதாகைகள், ஜவுளிக்கடைக் காலண்டர்கள் எல்லாம் எத்தனை நிமிடங்கள்? வடக்கிலிருந்து வரவழைத்த முகங்களை நாற்பது அடி உயரத்தில் வருடக்கணக்காக வைத்துவிட்டு, 'மக்களுக்கு இயல்பாகவே இதுதான் பிடிக்கிறது' என்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் முகங்களைக் கணக்கெடுக்காமல் பதாகையில் நிற்கும் முகங்களை மட்டும் கூட்டி வகுத்தால் வரும் சராசரி அது.

நிறத்தைப் பற்றி ஒன்று. அந்த மாணவனின் கிண்டலில் உண்மையில் இருந்தது நிறம்தான், சமச்சீர் அல்ல. 1990 ஆய்வின் படங்கள் கறுப்பு-வெள்ளைப் படங்கள். சமச்சீரும் சராசரித்தன்மையும் வடிவத்தைப் பற்றிய பேச்சு. கறுப்பைவிட வெள்ளை அழகு என்ற முடிவு அவற்றிலிருந்து கிடைக்காது, அது வேறு கடையில் விற்றது. 1975இல் சந்தைக்கு வந்த களிம்பு ஒன்று 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரிலேயே நாற்பத்தைந்து ஆண்டுகள் ஓடியது. 2020இல் பெயரை மட்டும் 'க்ளோ' என்று மாற்றிக்கொண்டது.

முகத்தை அளந்து சாதியைச் சொல்லும் வேலை இந்த வீடியோவோடு தொடங்கவில்லை. முகங்களைக் கலக்கும் நுட்பமே 1870களில் பிரான்சிஸ் கால்டன் கண்டுபிடித்தது. இனமேம்பாட்டுக்கு 'யூஜெனிக்ஸ்' என்று 1883இல் பெயர் வைத்த அதே கால்டன். சிறைத்துறை கொடுத்த குற்றவாளிகளின் படங்களை ஒரே தகட்டின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிய வைத்தார், ஒவ்வொன்றுக்கும் மொத்த நேரத்தில் ஒரு சிறு பங்கு. குற்றவாளியின் அசல் முகச்சாயல் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்ததோ, தனித்தனி முகங்களைவிட நல்ல முகம். கொடூரம் கரைந்துபோய்ப் பொதுவான மனிதத்தன்மை மிஞ்சியது என்று அவரே 1878இல் எழுத நேர்ந்தது. ஆனாலும் தன் கொள்கையை அவர் விடவில்லை.

இந்தியாவில் இது மூக்குக்கு வந்தது. மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது நாசிக் குறியீடு. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, ஒரு சாதியின் சராசரி மூக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு தாழ்ந்தது அதன் படிநிலை என்று சொன்னார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அளவுக் கருவிகளோடு தென்னிந்தியா முழுதும் சுற்றினார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில் இன்றும் பலர் தங்கள் சாதிப் பெருமையைத் தேடுகிறார்கள்.

அந்தக் கணக்கை உடைத்தவர் அம்பேத்கர். அளவுகளையே கையில் எடுத்துக்கொண்டு உடைத்தார், குப்பையில் போடச் சொல்லவில்லை. 1948இல் வந்த 'தீண்டப்படாதோர்' நூலில், கூர்யே தொகுத்திருந்த நாசிக் குறியீடுகளை எடுத்து வைத்தார். மாகாணம் மாகாணமாகப் பார்த்தால் பிராமணரின் அளவும் தீண்டப்படாதோரின் அளவும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஐக்கிய மாகாணத்துப் பிராமணருக்கும் பஞ்சாபின் சூஹ்ராக்களுக்கும் உள்ள நெருக்கம், அதே பிராமணருக்கும் அவர்கள் ஊரிலேயே உள்ள பெரும்பாலான மற்றச் சாதிகளுக்கும் இல்லை. இந்த அளவுகள் அறிவியல் என்றால், பிராமணர் ஆரியர் எனில் தீண்டப்படாதோரும் ஆரியர், அவர்கள் திராவிடர் எனில் இவர்களும் திராவிடர் என்று முடித்தார். எங்கள் வகுப்பில் இந்தப் பக்கங்களைப் படித்தபோது எங்கள் தோழரே, "அப்ப நான் அன்னிக்குச் சொன்னது அவசரம்தான்" என்றார்.

ஆய்வுகள் நின்றுபோகும் இடம் இன்னொன்று இருக்கிறது. எங்களுக்கு அதுதான் மிக நெருக்கமானது. இந்தச் சோதனைகளில் காட்டப்படும் படங்களைப் பாருங்கள். நகையும் கண்ணாடியும் கிடையாது. உடை தெரியாமல் மறைத்திருப்பார்கள் அல்லது எல்லோருக்கும் ஒரே துணியைப் போர்த்தியிருப்பார்கள். பல ஆய்வுகளில் தலைமுடியையும் காதையும்கூட ஒரு நீள்வட்டத்தால் வெட்டிவிடுகிறார்கள். முகத்தின் வடிவத்தை மட்டும் தனியாகச் சோதிப்பதற்கு அது சரியான முறை. ஆனால் ஊரில் யாரும் யாரையும் நீள்வட்டத்துக்குள் பார்ப்பதில்லை.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். நம் சிவகங்கைச் சீமை அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது, 1985இல்தான் பிரிந்தது. 1931 கணக்கெடுப்பின் ஆணையர் ஜே. எச். ஹட்டன் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேல் ஏறக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடலை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு ஜூனில் தடை பதினொன்றாகக் கூடியது, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று.

இந்த எட்டில் ஒன்றுகூட மூக்கைப் பற்றியோ கண்களின் இடைவெளியைப் பற்றியோ பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். மாற்ற முடியாத முகத்தை அவர்கள் விட்டுவிட்டார்கள். முடி, பூ, மஞ்சள், ரவிக்கை, சட்டை, வெயில் படாமல் காக்கும் குடை என்று, ஒருவர் தன்னை அழகாக வைத்துக்கொள்ள ஊரில் என்னென்ன உண்டோ அவற்றைத் தேடித் தேடித் தடுத்தார்கள். சோதனைக்கூடத்தின் நீள்வட்டம் வெட்டியெறிவதும் இந்தப் பட்டியல் பறித்ததும் ஏறத்தாழ ஒரே பொருள்கள். எனவே சோதனைக்கூடம் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், 'பார்த்தாலே தெரியுதே, யாரு எந்தத் தெருன்னு' என்பதற்கு அதனால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அது அந்தப் பொருளைப் படத்திலிருந்தே எடுத்துவிட்டது. அந்த மாணவன் பார்த்ததாக நினைத்த 'தெரு', துணியிலும் முடிவெட்டிலும் வெயிலில் நின்று வேலை செய்த தோலிலும் அவனுடைய பழக்கத்திலும் இருக்கிறது.

நாங்கள் இந்தப் பட்டியலைத் தமிழில் எழுதிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினோம். எட்டுப் பேரின் கலப்பு முகத்தையும் அதன் அருகில் ஒட்டியிருக்கிறோம். வீடியோவைக் கொண்டுவந்த மாணவி ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தவள் பூ என்ற இடத்தில் நின்றாள். "எங்க அப்பத்தா ஊருக்குள்ள போறப்ப தலையில இருக்கிற பூவை எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கும் அக்கா. திரும்பி வந்துதான் வைக்கும். எதுக்குன்னு கேட்டா, வாடிரும்னு சொல்லும்."